பழைய கல்யாண கேசட்டைக் கணினியில் ஏற்றுவது: ஓடும் கோடு, சீப்புப் பல், தட்டை முகம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சென்னையில் எடுத்த கல்யாண விஎச்எஸ் கேசட்டுகளை மனதில் வைத்து எழுதியது இது. எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்: மயிலாப்பூர் மண்டபத்தில் 1993இல் எடுத்த ஈ-180 கேசட், அதில் 2 மணி 40 நிமிடப் பதிவு, எல்லாம் நம் ஊர் டிவிக்கான `PAL`, அதாவது பால் முறை.

பீரோவில் முப்பது வருஷமாகக் கிடந்த கேசட். அப்படியே டெக்கில் போட்டுப் பார்க்கலாமா?

போடாதீர்கள். முதலில் கேசட்டின் கண்ணாடி ஜன்னலை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சுற்றியிருக்கும் டேப்பின் விளிம்பு கருப்பாக, சமமாக, லேசான பளபளப்போடு இருக்க வேண்டும். வெள்ளைப் பொடியோ நூல் நூலான படலமோ தெரிந்தால் அது பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தை முப்பது முறை தாங்கிய கேசட்டில் அது இருப்பதில் ஆச்சரியமில்லை. பூஞ்சை பிடித்த டேப்பின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், டெக் இழுக்கும்போது கிழியும். கிழியாவிட்டாலும் அந்தப் பொடி ஹெட்டில் அப்பி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தொற்றும். அதைச் சுத்தம் செய்யத் தனியாக ஒரு பழைய டெக் வேண்டும், வேலையையும் வீட்டுக்குள் செய்யக் கூடாது.

விளிம்பு சுத்தமாக இருந்தால், முதுகுப் பக்கத்தில் உள்ள சின்ன பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிடுங்கள். அதன்பின் தவறிப்போய் ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் எதுவும் அழியாது. பிறகு கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். வருஷக்கணக்கில் ஒரே இறுக்கத்தில் கிடந்த டேப் இதில் சீராகச் சுற்றிக்கொள்ளும். ஏசி அறையிலிருந்து எடுத்த கேசட் என்றால் ஓரிரு மணி நேரம் வெளியே வைத்த பிறகே டெக்கில் போடுங்கள். ஈரம் படிந்த டிரம்மில் டேப் ஒட்டிக்கொள்ளும்.

படத்தில் வெள்ளைக் கோடு கோடாக ஓடுகிறது. சாஃப்ட்வேரில் எடுத்துவிட முடியாதா?

பெரும்பாலும் முடியாது. ஆனால் பாதி நேரம் அது டேப்பிலேயே இருப்பதில்லை, டெக் படிக்கும் விதத்தில்தான் இருக்கிறது. அதனால் கணினியைத் தொடுமுன் ரிமோட்டை எடுங்கள்.

விஎச்எஸ் டேப் 12.7 மில்லிமீட்டர் அகலம். படம் அதில் நீளவாக்கில் பதிவதில்லை, சாய்வான மெல்லிய தடங்களாகப் பதிகிறது. சாதாரண வேகத்தில் பதிந்த பால் டேப்பில் ஒரு தடத்தின் அகலம் 49 மைக்ரான், அதாவது தலைமுடியை விட மெலிது. வினாடிக்கு 25 முறை சுழலும் டிரம்மில் எதிரெதிரே உள்ள இரண்டு ஹெட்டும் மாறி மாறி இந்தத் தடங்களின் மேல் சரியாக ஓட வேண்டும். எந்த நேரத்தில் எந்தத் தடம் வரும் என்று டெக்குக்குச் சொல்வது டேப்பின் கீழ் விளிம்பில் இருக்கும் கன்ட்ரோல் டிராக். ஹெட் தடத்தை விட்டு விலகும் இடத்தில் சிக்னல் குறைகிறது, அங்கே வெள்ளை இரைச்சல் பட்டையாகத் தெரிகிறது. டிராக்கிங் பொத்தான் செய்வது இந்த நேரக் கணக்கைக் கொஞ்சம் முன்பின் தள்ளுவதுதான்.

ஆகவே சோதனை இது. கோடு தெரியும் இடத்தில் ஆட்டோ டிராக்கிங்கை அணைத்து, டிராக்கிங் பிளஸ், மைனஸ் பொத்தான்களை மெதுவாக அழுத்துங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

பட்டை நகர்ந்து திரையை விட்டே வெளியேறினால் நல்ல செய்தி, அதே நிலையில் வைத்துப் பதியுங்கள். நகர்கிறது, ஆனால் எப்படித் திருப்பினாலும் மேலோ கீழோ ஒரு ஓரத்தில் மிச்சம் இருக்கிறது என்றால் உங்கள் டெக்கும் அன்றைய கேமராவும் டேப்பை ஒரே கோணத்தில் ஏற்றவில்லை. டேப்பை வழிநடத்தும் உருளைத் தூண்களின் உயரம் வேறுபடுகிறது. இதற்கு மலிவான வழி இன்னொரு டெக்கில் போட்டுப் பார்ப்பது. தூண்களைத் திருகிச் சரிசெய்யலாம் என்று சிலர் திருப்புளியை எடுப்பார்கள். பழைய நிலையை அடையாளமிடாமல் திருகினால், இந்தக் கேசட் சரியாகி மற்ற எல்லாக் கேசட்டும் கெட்டுப்போகும்.

மூன்றாவது, எவ்வளவு அழுத்தினாலும் கோடு இம்மியும் அசைவதில்லை. அப்படியானால் அது படத்தோடு சேர்ந்து பதிந்திருக்கிறது. கல்யாண வீடியோக்களில் இது சகஜம். வீடியோக்காரர் இரண்டு டெக்கை வைத்து எடிட் செய்து, அதிலிருந்து பிரதி எடுத்துத் தந்திருப்பார். மூலக் கேசட்டை ஓட்டும்போது வந்த கோடு உங்கள் பிரதியில் படமாகவே பதிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரிடம் இன்னொரு பிரதி இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள், அதில் அந்தக் கோடு வேறிடத்தில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

திரை முழுக்கவே புள்ளி புள்ளியாகப் பனி மாதிரி இருக்கிறதே?

அது டிராக்கிங் இல்லை, ஹெட்டில் அழுக்கு. பிளக்கைப் பிடுங்கி மூடியைக் கழற்றுங்கள். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த ஷாமாய் தோல் குச்சியை டிரம்மின் பக்கவாட்டில் அசையாமல் பிடித்து, டிரம்மின் மேல்பகுதியை விரலால் சுற்றுங்கள். குச்சியை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முனை உடைந்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சி கூடாது, அதன் இழை ஹெட்டில் மாட்டிக்கொள்ளும். முழுக்க உலர்ந்த பிறகே கேசட்டைப் போடுங்கள்.

டிராக்கிங் சரியான பிறகும் அங்கங்கே சின்ன வெள்ளைக் கீறல் மின்னுகிறது.

அது டிராப்அவுட். அந்த இடத்தில் டேப்பின் மேல்பூச்சு உதிர்ந்திருக்கும், அல்லது அந்த நொடியில் ஒரு தூசி ஹெட்டுக்கும் டேப்புக்கும் நடுவே வந்திருக்கும். தூசியால் வந்தது அடுத்த முறை ஓட்டும்போது வராது. அதனால் முக்கியமான பகுதியை மட்டும் மூன்று முறை பதியுங்கள். மூன்றையும் ஃபிரேம் பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று மதிப்புகளில் நடுவில் வருவதை எடுக்கச் சொன்னால், ஒரே ஒரு பதிவில் மட்டும் உள்ள கீறல் மறைந்துவிடும். பூச்சே உதிர்ந்த இடம் மூன்றிலும் ஒரே மாதிரி வரும், அதற்கு இந்த வழி உதவாது.

அதற்காக டிராப்அவுட் அழிக்கும் ஃபில்டரைப் போடலாம் என்று தோன்றும். அது தேடுவது என்ன? ஒரு நொடித்துணுக்கு மட்டும் தோன்றி, முன்னும் பின்னும் அதே இடத்தில் இல்லாத வெள்ளைப் புள்ளி. தாலி கட்டும் காட்சியை நினைத்துப் பாருங்கள். கெட்டிமேளம் கொட்ட, நாலா பக்கமிருந்தும் அட்சதை பறக்கிறது. பறக்கும் ஒவ்வொரு அரிசியும் ஃபில்டரின் கண்ணுக்கு டிராப்அவுட்தான். படம் பளிச்சென்று சுத்தமாகிவிடும், அட்சதை மட்டும் காணாமல் போயிருக்கும். போடுவதானால் அந்தக் காட்சியை விட்டுவிட்டு மற்ற இடங்களில் போடுங்கள்.

படத்தின் அடியில் எப்போதும் ஒரு கலங்கிய பட்டை இருக்கிறது. இதுவும் டிராக்கிங்கா?

இல்லை, டெக் கெடவில்லை. ஒரு ஹெட் முடித்து மற்ற ஹெட் தொடங்கும் மாற்றம் படத்தின் கடைசிச் சில வரிகளில் நடக்கிறது. அன்றைய டிவியின் சட்டம் அதை மறைத்துக்கொண்டது, கணினி முழுவதையும் காட்டிவிடுகிறது. கடைசியில் 10, 12 வரியை வெட்டினால் தீர்ந்தது.

மண்டபத் தூண் நெளிகிறது, படத்தின் மேல்பகுதி ஒரு பக்கமாக வளைகிறது.

டேப் இழுபடும் வேகம் நுண்ணளவில் மாறுவதால் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் முன்போ பின்போ தொடங்குகிறது. நேராக நிற்கும் தூண், கதவு நிலை, மணவறைக் கால் இவற்றில்தான் முதலில் தெரியும். இதைச் சரிசெய்ய டைம் பேஸ் கரெக்டர் வேண்டும், அதுவும் பதியும்போதே வேண்டும். பதிந்த கோப்பில் பிறகு நிமிர்த்த எளிய வழி இல்லை. சில உயர்தர எஸ்-விஎச்எஸ் டெக்குகளில் அது உள்ளேயே உண்டு. இல்லாவிட்டால் பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை நடுவில் மாட்டலாம். அதில் பதிவு செய்வதில்லை, டெக்கின் சிக்னல் அதற்குள் போய் வெளியே வருகிறது, அவ்வளவே. பானசோனிக் டிஎம்ஆர்-ஈஎஸ்10 இந்த வேலைக்கென்றே தேடப்படும் மாடல். எல்லா ரெக்கார்டரும் இதைச் செய்யாது, வாங்குமுன் வளையும் கேசட் ஒன்றை எடுத்துப்போய்ச் சோதியுங்கள்.

கணினியில் எந்த அளவில், எந்த வடிவத்தில் பதிய வேண்டும்?

720×576, வினாடிக்கு 25 ஃபிரேம், ஒன்று விட்டு ஒன்றாக வரிகளைப் பின்னும் இன்டர்லேஸ் அப்படியே, நிறம் 4:2:2 (`YUY2`), சுருக்கம் `HuffYUV` போன்ற இழப்பில்லா வகை. விர்ச்சுவல்டப் என்ற பதிவு சாஃப்ட்வேரில் இது எல்லாம் உண்டு. மணிக்கு 30 முதல் 40 ஜிபி ஆகும் என்று வையுங்கள். நம் உதாரணக் கேசட்டுக்கு ஏறக்குறைய 100 ஜிபி. டிஸ்க் `NTFS` ஆக இருக்கட்டும், `FAT32` இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது.

ரிச்சி தெருவில் கிடைக்கும் மலிவு யூஎஸ்பி கேப்சர் குச்சியோடு வரும் சாஃப்ட்வேர் நேரே எம்பி4 ஆகப் பதியும். சில சமயம் கேட்காமலே அந்தப் பின்னலை நீக்கும் டீஇன்டர்லேஸும் செய்துவிடும். குச்சியை வைத்துக்கொண்டு அந்த சாஃப்ட்வேரை ஒதுக்கிவிடலாம்.

பதியத் தொடங்குமுன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, வேட்டி. மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில் மடிப்புகள் தெரிய வேண்டும். ஒரே வெள்ளைத் தகடாக இருந்தால் கேப்சர் அமைப்பில் கான்ட்ராஸ்டைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், மடிப்பு திரும்ப வரும். வெட்டுப்பட்ட வெள்ளையைப் பிறகு எந்த வண்ணத் திருத்தமும் மீட்காது. இரண்டு, விடுபட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கை. 160 நிமிடத்தில் 2,40,000 ஃபிரேம் வர வேண்டும். 10 விடுபட்டாலே நாதஸ்வர ஓசை அரை நொடிக்குக் கிட்டே விலகிவிடும்.

கை அசையும் இடத்திலெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு. இதை எப்படி எடுப்பது?

இது கோளாறே இல்லை. கேமரா ஒரு ஃபிரேமை ஒரே நொடியில் எடுக்கவில்லை. முதலில் ஒற்றைப்படை வரிகள், ஐம்பதில் ஒரு வினாடி கழித்து இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு ஃபீல்டாக எடுத்தது. அதற்குள் தவில்காரரின் கை நகர்ந்துவிட்டது. கணினி இரண்டையும் பின்னி ஒரே படமாகக் காட்டும்போது கை இரண்டு இடத்தில் இருக்கிறது, அதுதான் சீப்புப் பல். ஆக உங்களிடம் இருப்பது வினாடிக்கு 25 படம் அல்ல, அரை உயரத்தில் 50 கணங்கள்.

டீஇன்டர்லேஸ் செய்யும்போது 25 ஆகச் செய்தால் அதில் பாதிக் கணங்கள் வீணாகும், தவில் குச்சி தத்தித் தத்தி அசையும். இரண்டு ஃபீல்டையும் கலக்கும் வகையைத் தேர்ந்தால் ஒவ்வொரு கைக்கும் நிழல் கை ஒன்று முளைக்கும். ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழுப் படமாக வளர்த்து 50 ஆக்குவதே சரி. அன்று டிவியில் பார்த்த அந்த வழுக்கும் அசைவு அப்போதுதான் கிடைக்கும்.

அதற்கு முன், எந்த ஃபீல்டு முதலில் வருகிறது என்று உறுதி செய்யுங்கள். அனலாக் கேப்சரில் பெரும்பாலும் மேல் ஃபீல்டு முதலில், டிஜிட்டல் `DV` கேம்கார்டர் வழியாக ஏற்றியது என்றால் கீழ் ஃபீல்டு முதலில். ஊகிக்க வேண்டாம், வீடியோவை ஸ்கிரிப்டால் கையாளும் அவிசிந்தை நிறுவி, இதை `.avs` கோப்பாகச் சேமித்து விர்ச்சுவல்டப்பில் திறந்து அம்புக்குறியால் ஒவ்வொன்றாக நகர்த்துங்கள்:

```
AviSource("kalyanam.avi")
AssumeTFF()
SeparateFields()
```

தவில் குச்சி ஒரே திசையில் இறங்கினால் சரி. ஓரடி முன்னே, ஓரடி பின்னே என்று துள்ளினால் வரிசை தலைகீழ், `AssumeBFF()` என்று மாற்றுங்கள். அசையாத காட்சியில் இந்தச் சோதனை பொய் சொல்லும், தவிலோ ஆரத்தியோ உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

டீஇன்டர்லேஸ் தரத்தில் முதலிடம் அவிசிந்தில் ஓடும் `QTGMC` தான்:

```
AviSource("kalyanam.avi")
ConvertToYV16()
AssumeTFF()
QTGMC(Preset="Slower")
```

நம் கேசட்டுக்கு இது ராத்திரி முழுக்க ஓடவிட வேண்டிய வேலை. பட்டுப் புடவையின் ஜரிகைக் கரை மினுக்காமல் அடங்கி நிற்பதில் இதன் அருமை தெரியும். அதே நேரம் இது இயல்பிலேயே கொஞ்சம் மழுக்கும். அதன் மேல் இன்னொரு இரைச்சல் நீக்கியையும் போட்டால் முகங்கள் மெழுகுப் பொம்மை ஆகிவிடும்.

அவிசிந்த் நிறுவப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரே கட்டளையில் முடியும் வழி:

```
ffmpeg -i kalyanam.avi -vf "bwdif=mode=send_field:parity=tff,crop=704:564:8:0,pad=704:576:0:6,scale=1440:1080:flags=lanczos:in_color_matrix=bt601:out_color_matrix=bt709,setsar=1,format=yuv420p" -c:v libx264 -crf 17 -preset slow -colorspace bt709 -c:a aac -b:a 192k kalyanam.mp4
```

இதில் வரிசைதான் உயிர்: முதலில் டீஇன்டர்லேஸ், பிறகு வெட்டு, கடைசியில் அளவு மாற்றம். `pad` அடியில் வெட்டிய 12 வரிக்குப் பதில் மேலும் கீழும் ஆறாறு கருப்பு வரி வைத்து உயரத்தைக் காப்பாற்றுகிறது.

கடையில் கொடுத்து எம்பி4 ஆக வாங்கிவிட்டோம். அதில் சீப்புப் பல் பதிந்தே வந்திருக்கிறது. இனி எடுக்கலாமா?

கோப்பின் உயரத்தைப் பாருங்கள். 576 ஆகவே இருந்து, பற்கள் ஒவ்வொன்றும் சரியாக ஒரு வரி தடிமனில் கூர்மையாக இருந்தால் ஃபீல்டுகள் இன்னும் தனித்தனியாக உள்ளன, மேலே சொன்ன வழி வேலை செய்யும். டிவிடியாகத் தந்திருந்தால் பெரும்பாலும் இந்த நிலைதான். உயரம் 480, 720, 1080 என்று இருந்து பற்கள் மழுங்கிப் பட்டையாகத் தெரிந்தால், டீஇன்டர்லேஸ் செய்யாமலே அளவை மாற்றியிருக்கிறார்கள். இரண்டு கணங்களின் வரிகளும் கலந்துவிட்டன, மாவில் கலந்த உப்பைப் பிரிக்கும் கதைதான். கேசட்டைத் திரும்பப் பதிவதைத் தவிர வழியில்லை. அதனால்தான் பதிந்த பிறகும் கேசட்டைத் தூக்கிப் போடக் கூடாது.

எல்லோர் முகமும் தட்டையாக, குண்டாக இருக்கிறது.

4:3 படத்தை யாரோ 16:9 சட்டத்தில் இழுத்திருக்கிறார்கள். அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், கல்யாணப் பெண் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: 720×576 கோப்பை அப்படியே சதுரப் புள்ளிகளாகக் காட்டினால் முகம் எட்டு சதவீதம் ஒடுங்கும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

கணக்கு இப்படி. 720 புள்ளியில் இருபுறமும் சில புள்ளி வெற்றுக் கருப்பு. பக்கத்துக்கு 8 வெட்டினால் 704×576. அதுதான் 4:3 படம், சதுரப் புள்ளியில் 768×576. மேலே உள்ள கட்டளையில் `crop` செய்வது இதைத்தான். சரியா என்று பார்க்க, நேர் எதிரே தெரியும் சுவர்க் கடிகாரத்தையோ கேமராவை நோக்கிச் சாய்ந்த ஆரத்தித் தட்டையோ தேடி, திரையில் அகலத்தையும் உயரத்தையும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். பக்கவாட்டுக் கருப்புப் பட்டையை மறைக்க மேலும் கீழும் வெட்டி 16:9 ஆக்காதீர்கள். கல்யாணப் படத்தில் மேலே வெட்டினால் தலைப்பாகை போகும், கீழே வெட்டினால் மெட்டி போடும் காட்சியே போய்விடும்.

576 உயரத்தில் யூடியூபில் ஏற்றினேன், அசைவு திரும்பத் தத்துகிறது.

வினாடிக்கு 50 படத்தை யூடியூப் 720 உயரத்திலும் அதற்கு மேலும்தான் தருகிறது. அதற்குக் கீழே பாதியை உதறிவிடும். அதனால்தான் கட்டளையில் 1440×1080. விஎச்எஸ்ஸில் இல்லாத நுணுக்கம் இதனால் வந்துவிடாது. வீட்டில் வைத்துக்கொள்ளும் பிரதிக்கு 768×576 போதும்.

அமெரிக்காவிலிருந்து மாமா அனுப்பிய கேசட் கறுப்பு வெள்ளையில் உருள்கிறது.

அது அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சி: 480 வரி, வினாடிக்கு 29.97 ஃபிரேம். அதைப் படிக்கும் டெக் வேண்டும், கேப்சர் அமைப்பிலும் `NTSC` என்று மாற்ற வேண்டும். பல பால் டெக்குகள் அதை ஓட்டும்போது பால்-60 என்ற கலப்புச் சிக்னலைத் தரும். டிவி அதை ஏற்றுக்கொள்ளும், கேப்சர் குச்சிகள் பல ஏற்பதில்லை. சிங்கப்பூர், மலேசியா, இலங்கையிலிருந்து வந்தவை நம் ஊர் மாதிரியே பால், அவற்றுக்கு எதையும் மாற்ற வேண்டாம்.